அப்பச்சியின் டயாலிசிஸ் நாட்களுக்கு வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது

கேள்வி: காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அப்பச்சிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டில் நானும் ஆத்தாவும்தான். மேனேஜரிடம் வாயால் சொன்னேன், "லெட்டரா குடுங்க, பாப்போம்" என்றார். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?

பதில்:

புதுவயல் பக்கம் ஒரு அரிசி ஆலை அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கிறேன். இப்படிப்பட்ட கடிதங்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். எங்கள் கணக்குப் பிரிவுத் தம்பி ஒருவருக்கும் உங்கள் நிலைமைதான். அவர் கடிதம் எப்படிப் பலித்தது என்பதையே சொல்கிறேன், உங்களுக்கு அப்படியே பொருந்தும்.

அவர் முதலில் கொடுத்த கடிதத்தில் தந்தையின் நோய், வீட்டுக் கஷ்டம் எல்லாம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. கடைசி வரியில், "நிலைமையைக் கருத்தில் கொண்டு அவ்வப்போது நேரச் சலுகை அளிக்க வேண்டுகிறேன்" என்று முடித்திருந்தார். படிக்கிறவருக்கு மனசு கனக்கும். ஆனால் அதில் கையெழுத்துப் போட முடியாது. மேனேஜர் அதை முதலாளியிடம் கொண்டுபோனால், "அவ்வப்போதுன்னா எப்போ? எத்தனை மணிக்குப் போவார், எப்போ வருவார்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்குப் புரியுது. இதை நான் மேலே எப்படிக் காட்டுறது?" என்று கேட்டார். நீங்கள் எழுதும் கடிதத்தை உங்களை நேரில் பார்க்காத ஒருவரும் படிப்பார். நீங்கள் பக்கத்தில் இல்லாமலே அது அவருக்குப் புரிய வேண்டும்.

அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன்னால் நானும் அவரும் உட்கார்ந்து டயாலிசிஸ் நாளை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தோம். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். அவர் தந்தைக்குச் செவ்வாய், வியாழன், சனி. காலை முதல் ஷிப்ட். ஏழு மணிக்கு மெஷினில் போட்டால் நான்கு மணி நேரம், பதினொரு மணிக்கு முடியும். அரை நாள் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். உண்மையில் மெஷின் ஓடும் நேரத்தில் பார்த்துக்கொள்ள அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அம்மாவும் பக்கத்தில் இருப்பார். இவர் கட்டாயம் தேவைப்படுவது முடிகிற நேரத்தில். ஊசி எடுத்த இடத்தை ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கப்புறம் பி.பி. பார்ப்பார்கள். உடம்பிலிருந்து நீர் எடுத்திருப்பதால் பி.பி. இறங்கி, எழுந்து நின்றதும் தலை சுற்றும். சிலருக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு வரும். அந்த நேரத்தில் தனியாக ஆட்டோவில் ஏற்றி அனுப்ப முடியாது. வயதான அம்மாவால் தாங்கிப் பிடிக்கவும் முடியாது. காலையில் போகும்போது அந்தப் பயம் அவ்வளவு இல்லை. தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் ஏற்றிப் போய் இறக்கிவிடுவார்.

இப்படிப் பார்த்ததில் அரை நாள் தேவை என்பது இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. 10.45க்கு அலுவலகத்திலிருந்து கிளம்பினால் 11.15க்குக் காரைக்குடி. 11.30க்கு அங்கிருந்து எடுத்து, கழனிவாசல் வீட்டில் விட்டு, சாப்பிடவைத்துவிட்டு 12.45க்குத் திரும்பிவிடலாம். எங்கள் நேரம் 9.30 முதல் 6.30 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. அந்த இடைவேளையை முன்னால் நகர்த்திக்கொண்டால் குறைவது ஒரு மணி நேரம்தான். அந்த மூன்று நாளும் 8.30க்கே வந்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும். காலை இரண்டேகால் மணி, மதியத்துக்கு மேல் ஐந்தேமுக்கால் மணி, ஆக எட்டு மணி நேரம் முழுசாக வந்துவிடுகிறது. சம்பளத்தில் கைவைக்க வேண்டிய பேச்சே எழவில்லை.

ஒரு நாளில் குறைவதை இன்னொரு நாளில் பத்து மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டுகிறேன் என்று எழுதாதீர்கள். ஒரு நாளுக்கான வேலை நேரத்துக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் ஓவர்டைம் கணக்கு வரும், அதைக் காட்டியே நிர்வாகம் மறுத்துவிடும். அந்தந்த நாளுக்குள்ளேயே எட்டு மணி நேரம் முடிகிற மாதிரி கேட்பதுதான் நல்லது.

அப்புறம், எங்கள் தம்பி எழுதி, அனுமதியும் கிடைத்த கடிதம் இதுதான். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"பொருள்: தந்தையின் டயாலிசிஸ் சிகிச்சைக்காக வாரம் மூன்று நாள் வேலை நேர மாற்றம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் தந்தைக்குச் சிறுநீரகச் செயலிழப்பு காரணமாக வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் காலை 7 முதல் 11 மணி வரை டயாலிசிஸ் செய்யப்படுகிறது. சிகிச்சை முடிந்ததும் அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல நான் இருக்க வேண்டியுள்ளது. சிகிச்சை மையம் கொடுத்த நாள், நேர விவரத்தை இணைத்துள்ளேன்.

ஆகவே மேற்கண்ட மூன்று நாட்களிலும் காலை 8.30 மணிக்குப் பணிக்கு வந்து, 10.45 முதல் 12.45 வரை வெளியே சென்று, மாலை 6.30 வரை பணிபுரிய அனுமதி வேண்டுகிறேன். இதில் என் உணவு இடைவேளையும் அடங்கும். நாளுக்கு எட்டு மணி நேரப் பணி குறையாது.

நான் வெளியே இருக்கும் நேரத்தில் பணம் செலுத்தும் வவுச்சர்களைக் காசாளர் பெற்றுவைக்கச் சம்மதித்துள்ளார். 12.45க்கு வந்ததும் அவற்றை முடித்துவிடுவேன். வங்கி வேலைகளை 10.30க்குள் அனுப்பிவிடுவேன். மாதத்தின் 7, 11, 15, 20 தேதிகள் டயாலிசிஸ் நாளில் வந்தால் அன்று என் சித்தப்பா மருத்துவமனைக்குச் செல்வார், நான் வழக்கமான நேரத்தில் அலுவலகத்தில் இருப்பேன்.

சிகிச்சை நேரம் மாறினால் அன்றே தெரிவிப்பேன். திரும்பி வர 12.45க்கு மேல் ஆகும் என்றால் 12 மணிக்குள் தகவல் சொல்லி, அந்த நேரத்தை அன்று மாலையே ஈடுசெய்வேன். முதலில் மூன்று மாதத்துக்கு அனுமதித்து, பிறகு மறுபரிசீலனை செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

இதில் மேனேஜரை அசைத்தது அந்த நான்கு தேதிகள்தான். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். 7ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11ஆம் தேதி GSTR-1, 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி GSTR-3B. மேனேஜரின் உள்ளூரப் பயம், கடைசித் தேதியில் போர்ட்டல் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆள் இல்லாமல் போய்விடுமே என்பதுதான். அவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே கடிதம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. உங்கள் அலுவலகத்தில் அந்த நாட்கள் வேறாக இருக்கலாம், சம்பளப் பட்டுவாடா நாளாகவோ, ஸ்டாக் எடுக்கும் நாளாகவோ. எதுவானாலும் தேதியைப் போட்டு எழுதுங்கள். மாற்று ஆள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவரிடம் நிஜமாகவே கேட்டுவிடுங்கள். மேனேஜர் அடுத்த நிமிஷமே அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்.

நோயைப் பற்றி ஒரு வரி போதும். கிரியேட்டினின் எவ்வளவு, என்ன மாத்திரை என்பதெல்லாம் அப்பச்சியின் சொந்த விஷயம், அலுவலகக் கோப்பில் கிடக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் இணைக்காதீர்கள். டயாலிசிஸ் மையத்தில் கேட்டால் நாளும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதி, சீல் வைத்துத் தருவார்கள். அது போதும். டயாலிசிஸ் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால் இரண்டொரு வாரம் பொறுத்து, நேரம் ஒரு நிலைக்கு வந்ததும் கடிதம் கொடுங்கள். தொடக்கத்தில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். கொடுத்த நேரம் அடுத்த வாரமே மாறினால் கடிதத்துக்கு மதிப்பு போய்விடும். அதுவரைக்கும் விடுப்பில் சமாளிப்பதே மேல்.

விடுப்பிலேயே ஓட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருபவருக்கு வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். அரை நாளாக எடுத்தாலும் 24 முறை, அதாவது எட்டே வாரத்தில் தீர்ந்துவிடும். அதே சட்டத்தில் வரும் நோய் விடுப்பு ஊழியரின் சொந்த நோய்க்கானது, அப்பச்சிக்காகக் கேட்க முடியாது. பெற்றோரைப் பராமரிக்க வேலை நேரத்தை மாற்றித் தந்தே ஆக வேண்டும் என்று தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் நம்மிடம் இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளுக்குக் கடமையைச் சொல்கிறது, முதலாளிக்கு எதையும் சொல்லவில்லை. அதனால் கடிதத்தில் சட்டத்தை இழுக்காதீர்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மூன்று நாள் மெஷினில் படுக்கும் மனிதருக்குத் துணை போக ஒரு மகன் தயவுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆனால் இன்றைக்கு உங்களுக்குக் கைகொடுப்பது அந்த மணிக்கணக்குதான்.

அனுமதி கிடைத்ததும் பலர் விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. கைரேகை வருகைப் பதிவில் உங்கள் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மேனேஜர் சரி என்று சொன்னது அந்த மெஷினுக்குத் தெரியாது. எங்கள் தம்பிக்கு முதல் மாதம் 10.45க்கு வெளியே போனதெல்லாம் அனுமதியில்லாமல் போனதாகப் பதிவாகி, சம்பளத்தில் பல அரை நாட்கள் போய்விட்டன. அடுத்த மாதம்தான் திரும்பக் கிடைத்தது. அவருக்கென்று தனி ஷிப்ட் உருவாக்கி, செவ்வாய், வியாழன், சனிக்கு அதைப் பொருத்திய பிறகு பிரச்சினை வரவில்லை. சம்பளம் போடுகிறவரிடம் மாதக் கடைசிக்கு முன்னால் உங்கள் வருகைப் பதிவை ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தின் நகலிலேயே "அனுமதிக்கப்பட்டது" என்று தேதியோடு ஒரு கையெழுத்துப் போதும், இல்லையென்றால் மின்னஞ்சலில் ஒரு வரி. மேனேஜர் மாறினால் அடுத்தவரிடம் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். மறுத்துவிட்டால், இரண்டு மணி நேரத்தில் எந்தப் பகுதி இடிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். சனிக்கிழமை மட்டும் ஆகாது என்றால் அன்றைக்குச் சொந்தத்தில் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு, மற்ற இரண்டு நாளுக்கு மறுபடியும் எழுதிக் கொடுங்கள். டயாலிசிஸ் மையத்தில் திங்கள், புதன், வெள்ளியில் இடம் காலியானால் சொல்லச் சொல்லியும் வையுங்கள்.