எக்ஸிட் போல் சொன்ன இடங்கள் எங்கே, முடிவு எங்கே?

கேள்வி: 2024இல் பாஜக கூட்டணிக்கு 350க்கு மேல் என்றார்கள், 293தான் வந்தது. எக்ஸிட் போல் ஏன் இவ்வளவு தவறுகிறது?

வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் களப்பணியாளர்கள் கேட்டறிவது வாக்கு யாருக்கு என்பதை மட்டுமே. இடங்களின் எண்ணிக்கை அதன்பின் கணக்கிட்டுப் பெறப்படுவது. முந்தைய தேர்தலை அடிப்படையாக வைத்து, மாநில அளவில் தெரியும் வாக்குச் சரிவையோ உயர்வையோ ஒவ்வொரு தொகுதியின் மீதும் ஏற்றிப் பார்ப்பதே பரவலான முறை. பெரும் பிழை இங்கேதான் நுழைகிறது.

ஒரு தொகுதியில் ஒரு கட்சி 46, எதிர்க்கட்சி 43 சதவீதம் பெறும் என்று கணிப்பு காட்டுவதாகக் கொள்வோம். உண்மையில் 2 சதவீத வாக்கு முதல் கட்சியிலிருந்து எதிர்க்கட்சிக்கு நகர்ந்திருந்தால் நிலைமை 44, 45 ஆகி, வெற்றியே கைமாறிவிடும். வாக்கில் 2 சதவீதப் பிழை என்பது சிறியதே. ஆனால் இழுபறித் தொகுதிகள் பலவற்றில் அது ஒரே திசையில் நேர்ந்தால், இடக்கணக்கு பத்துப் பத்தாகச் சரியும்.

2024இல் நாடு முழுவதுமான பாஜகவின் வாக்கு 2019ஐவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே குறைந்தது. இடங்களோ 303இலிருந்து 240 ஆயின. தெற்கிலும் ஒடிசாவிலும் கூடிய வாக்கு உத்தரப் பிரதேச இழப்பைச் சராசரியில் மறைத்துவிட்டது. அங்குள்ள 80 இடங்களில் பெரும்பாலான கணிப்புகள் பாஜக கூட்டணிக்கு 60க்கு மேல் தந்தன, கிடைத்தவை 36. சமாஜ்வாதியும் காங்கிரஸும் கைகோத்ததால் பழைய தேர்தலின் அடிப்படையே அங்கு மாறியிருந்தது.

பதில் சொல்ல மறுப்பவர்களும், அச்சத்தால் மாற்றிச் சொல்பவர்களும் ஒரே தரப்பில் மிகுதியாக இருந்தால், மாதிரியை எத்தனை லட்சமாகப் பெருக்கினாலும் பயனில்லை. ஆகவே இடங்களைவிட வாக்குச் சதவீதத்தை முதலில் பாருங்கள். அதை வெளியிடாத கணிப்பை நான் பொருட்படுத்துவதில்லை.