பஜ்ஜி மாவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். மாவு முழுக்கக் கட்டி கட்டியாக நின்றது. பஜ்ஜி எண்ணெய் குடித்து, கையில் எடுத்தால் சொட்டியது. கடலை மாவு வழக்கமாக வாங்கும் கடைதான். கடையை மாற்றட்டுமா?
(திருமங்கலம் வாசகி)

கடைக்காரர் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வீட்டில் மிச்சம் இருக்கும் மாவைச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். சல்லடையில் நிற்கும் கட்டி விரலால் அழுத்தியதும் தூளாகிவிட்டால் மாவு ஈரக்காற்று பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நூலாம்படை போல இழை பிடித்திருந்தால் பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். அதை மட்டும் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

கட்டி விழுவது பெரும்பாலும் தண்ணீர் ஊற்றும் விதத்தால்தான். மாவின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்தால், வெளியில் இருக்கும் மாவு உடனே நனைந்து பசையாகிவிடும். அந்தப் பசைக்குள் காய்ந்த மாவு மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு தண்ணீரை எவ்வளவு சேர்த்தாலும் கட்டி அதில் மிதக்குமே தவிர உடையாது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். 250 கிராம் கடலை மாவும் 50 கிராம் பச்சரிசி மாவும் சேர்த்துச் சலியுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம் எல்லாவற்றையும் காய்ந்த மாவிலேயே கலந்துவிடுங்கள். முதலில் 200 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையால் அழுத்திக் குழையுங்கள். மாவு கெட்டியாக, கையை இழுக்கிற பதத்தில் இருக்கும். கட்டி உடைவது இந்தக் கட்டத்தில்தான், ஏனென்றால் கெட்டி மாவில்தான் விரலுக்கும் கட்டிக்கும் நடுவில் பிடிமானம் கிடைக்கும். ஒரு கட்டி கூடக் கைக்குத் தட்டுப்படவில்லை என்றான பிறகு மீதித் தண்ணீரை விட்டுத் தளர்த்துங்கள். மொத்தத்தில் 350 மில்லி வரை பிடிக்கலாம். மாவுக்கு மாவு கொஞ்சம் கூடும், குறையும். வாழைக்காய்ச் சீவலை முக்கித் தூக்கினால் காயின் நிறம் தெரியக்கூடாது, மாவு மெதுவாக வழியவேண்டும். அதுதான் பதம்.

பிறகு மூடிவைத்து 15 நிமிடம் விடுங்கள். மாவு அந்த நேரத்தில் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கட்டிகளும் ஊறி இளகிவிடும். திறந்து பார்க்கும்போது மாவு முன்பைவிடக் கெட்டியாக இருக்கும். ஒன்றிரண்டு கரண்டித் தண்ணீர் விட்டுப் பழைய பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆப்ப சோடா போடுவதாக இருந்தால் இரண்டு சிட்டிகை போதும், அதுவும் கடைசியில். முன்னமே போட்டு ஊறவைத்தால் அதன் வேகமெல்லாம் பாத்திரத்திலேயே அடங்கிப்போகும். சோடா கூடினால் மேல்மாவு பஞ்சாகி எண்ணெயை இழுக்கும். உங்கள் பஜ்ஜி சொட்டியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு காரணம் எண்ணெயின் சூடு. ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் சூடு போதாது. விழுந்ததுமே கருத்தால் சூடு அதிகம். கீழே போனது உடனே நுரைத்துக்கொண்டு மேலே வந்தால் பஜ்ஜியைப் போடலாம். மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பாயும்வரை எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. சூடு குறைந்த எண்ணெயில் ஆவி பலமாகக் கிளம்பாது, மேல்மாவும் இறுகாது. விருந்தாளி வாசலில் நிற்கிற அவசரத்தில் சட்டி கொள்ளாமல் பத்துப் பன்னிரண்டைப் போட்டிருப்பீர்கள், எண்ணெய் சட்டென்று ஆறியிருக்கும். ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு போதும்.

கடலை மாவில் அரிசி மாவு எதற்கு? அது கடைக்காரர்கள் லாபத்துக்குக் கலப்பது என்கிறார் மாமியார்.
(மேலூர்)

கடைக்காரர் சொல்லாமல் கலந்தால் கலப்படம், நீங்கள் அளந்து கலந்தால் பக்குவம். கடலை மாவில் புரதம் அதிகம். தனியாகப் போட்டால் மேல்மாவு மெத்தென்று இருக்கும், சீக்கிரம் நமுத்துப்போகும். அரிசி மாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது மெல்லிசாக இறுகி மொறுமொறுப்பைக் கொடுக்கும். ஐந்து பங்கு கடலை மாவுக்கு ஒரு பங்கு போதும். அளவு மீறினால் பஜ்ஜி ஆறியதும் பல்லுக்கு வேலை வைக்கும். மாவு நைஸாக இருக்கவேண்டும்; புட்டு மாவு மாதிரிக் குறுநொய்யாக இருந்தால் வாயில் நறநறக்கும்.

மார்கழிக் கோலத்துக்கு வாங்கிய அரிசி மாவு அரைக் கிலோ மிச்சம் கிடக்கிறது. பக்கோடாவில் போட்டுத் தீர்க்கலாமா?
(திருப்பரங்குன்றம்)

கூடாது. கோலத்துக்கென்று விற்பதில் கல்மாவு கலந்திருக்கும். சாப்பிடும் பொருள் என்று அந்தப் பாக்கெட்டில் எங்கே போட்டிருக்கிறது? பார்க்காமல் கேட்கிறீர்கள்.

அக்கா, 'பஜ்ஜி போண்டா மிக்ஸ்' என்று ரெடிமேடாக வருகிறதே, எது வாங்கலாம்? நேரம் மிச்சமாகுமே.
(மதுரை, கோரிப்பாளையம்)

எந்த நேரம் மிச்சமாகிறது என்று எனக்குப் புரியவில்லை. பாக்கெட்டை வெட்டினாலும் நீங்கள்தான் கரைக்கவேண்டும், ஊறவைக்கவேண்டும், எண்ணெய் காயும்வரை நிற்கவேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் போடுகிற ஒரு நிமிடம்தான் மிச்சம். அந்த ஒரு நிமிடத்துக்கு அவர்கள் உப்பையும் சோடாவையும் கடலை மாவு விலைக்கு உங்களிடம் விற்கிறார்கள்.

பாக்கெட்டின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். முன்பக்கம் படம், விஷயம் பின்பக்கம். சேர்மானப் பொருள்களை எடையில் எது அதிகமோ அந்த வரிசையில்தான் அச்சிடவேண்டும் என்பது விதி. முதலில் கடலை மாவு இருக்கிறதா, பட்டாணி மாவு இருக்கிறதா, சோள மாவு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். நான் வாங்கிய ஒரு பாக்கெட்டின் முன்பக்கத்தில் தங்க நிறத்தில் கடலைப்பருப்புக் குவியல். பின்னால் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் முதல் பொருள் பட்டாணி மாவு, கடலை மாவு மூன்றாவது. பட்டாணி மாவு விஷமில்லை. ஆனால் அதைக் கடலைப்பருப்புப் படத்துக்குப் பின்னால் ஒளித்து விற்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். அந்த மாவில் போட்ட பஜ்ஜியில் ஒரு பச்சை வாடை கடைசிவரை போகவில்லை.

இன்னொன்று. அச்சிட்ட விலையோடு ஒரு கிராம் எவ்வளவு என்ற யூனிட் விலையும் பாக்கெட்டில் இருக்கவேண்டும். மிக்ஸ் பாக்கெட்டையும் சாதாக் கடலை மாவுப் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து அந்த ஒரு வரியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். நேரம் இருப்பவர்கள் கீழமாசி வீதிப் பக்கம் கடலைப்பருப்பு வாங்கி, வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளலாம். நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அரைத்த மாவைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல், பேப்பரில் பரப்பி ஆறவிட்டு எடுத்துவையுங்கள். அடைத்தால் உள்ளே வியர்த்து, அந்த ஈரத்திலேயே கட்டி பிடிக்கும்.

மாவில் ஆப்ப சோடா போட்டதும் அங்கங்கே ரத்தச் சிவப்பாகப் புள்ளி வந்தது. சாயம் கலந்திருக்கிறது என்று கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். எங்கே புகார் கொடுப்பது?
(வாடிப்பட்டி)

மாவில் மஞ்சள்தூள் போட்டீர்களா? போட்டிருந்தால் முதலில் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். மஞ்சளில் சோடா பட்டால் சிவக்கும். சோடா கரையாமல் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே புள்ளியாகத் தெரியும். சோடாவை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து விடுங்கள், புள்ளி வராது.

மஞ்சள் போடவே இல்லை, பாக்கெட்டிலும் மஞ்சள் என்று அச்சிடவில்லை என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. மெட்டானில் மஞ்சள் என்ற தடைசெய்யப்பட்ட சாயத்தைப் பருப்பில் ஏற்றுவது பழைய மோசடி. ஆனால் அது சோடாவில் சிவக்காது, அமிலம் பட்டால்தான் சிவக்கும். வீட்டில் அமிலத்தை வைத்துச் சோதனை செய்யாதீர்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் மாதிரியைக் கொடுத்துப் புகார் எழுதுங்கள். வாங்கியவரே கட்டணம் கட்டி ஆய்வுக்கு அனுப்பவும் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

சாயங்காலம் வாசலில் பஜ்ஜிக் கடை போட்டுப் பிழைக்கிறேன். சில்லறையாக 5 கிலோ கடலை மாவு வாங்கினேன். கரைத்தால் பிடிப்பே இல்லை, எண்ணெயில் போட்டதும் காய் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். என்னமோ கலந்திருக்கிறது. கேட்டால், "நீ வியாபாரி, உனக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது" என்று விரட்டுகிறார். பில்லும் இல்லை. போனில்தான் பணம் அனுப்பினேன்.
(உசிலம்பட்டி)

அம்மா, அவர் சொன்னது பொய். சொந்த உழைப்பில் வயிற்றுப்பிழைப்புக்காக வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. உங்களை மாதிரி ஆட்களுக்காகவே எழுதிய வரி அது. போனில் பணம் அனுப்பிய பதிவு வாங்கியதற்குச் சான்று, அதை அழிக்காதீர்கள்.

புகாருக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள், அவர் பக்கம் ஒரு சாக்கும் மிஞ்சக்கூடாது. வாழைக்காயைச் சீவித் தண்ணீரில் போட்டு வைப்பீர்கள், இல்லையா? ஈரத்தோடு முக்கினால் நல்ல மாவும் நழுவும். துணியில் ஒற்றி எடுத்து, அதே காயை இந்த மாவிலும், தெரிந்த நல்ல மாவிலும் அதே அளவுத் தண்ணீரில் கரைத்துப் போட்டுப் பாருங்கள். நல்ல மாவு பிடித்து இது மட்டும் நழுவினால், அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச மாவை அதே பையில் கட்டிவையுங்கள், ஒரு கைப்பிடி கூட எடுக்காதீர்கள்.

முதலில் 1915-க்குப் பேசுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளை யாராவது உடன் இருந்தால் போதும்.

பஜ்ஜியைச் சுடச்சுட ஹாட்பேக்கில் போட்டு மூடி வைத்தாலும் நமுத்துப்போகிறதே?
(சோழவந்தான்)

மூடியதால்தான்.

வெங்காயப் பக்கோடாவுக்கும் இதே மாவுதானா? எனக்குப் போண்டா மாதிரி உருண்டு வருகிறது.
(மதுரை, செல்லூர்)

மாவு அதேதான், கரைக்கக்கூடாது. நீளமாக அரிந்த வெங்காயத்தில் உப்பைப் போட்டுப் பிசறி பத்து நிமிடம் வையுங்கள், தண்ணீர் விடும். அதன் மேல் கடலை மாவையும் அரிசி மாவையும் தூவிப் பிசறுங்கள். வெங்காயத்தில் ஒட்டுகிற அளவுக்கு மாவு, அதற்கு மேல் வேண்டாம். ஊறவைக்கவும் வேண்டாம், வைக்க வைக்க வெங்காயம் இன்னும் தண்ணீர் விட்டு மாவு கூழாகும். காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டியை மாவில் ஊற்றிப் பிசறி, உருட்டாமல் உதிர்த்துப் போடுங்கள். எண்ணெய் பஜ்ஜிக்குக் காய்ந்த சூட்டில் போட்டு, நுரை அடங்கத் தொடங்கியதும் தீயைக் கொஞ்சம் குறைத்து, சலசலப்பு ஓய்ந்ததும் எடுங்கள். எடுக்கும்போது கண்கரண்டியைச் சட்டிக்கு மேலேயே நன்றாக உதறுங்கள். வெளியே வந்து ஆறும் நேரத்தில்தான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உள்ளே இழுக்கும்.

சட்டி அடி கனமாக இருக்கட்டும். ஒரு கண்காட்சிக் கடையில் வார்ப்பிரும்பு என்று சொல்லி எனக்கு ஒரு சட்டியை விற்றார்கள். சில நாளிலேயே கறுப்புப் பூச்சு உரிந்து உள்ளே தகரம் தெரிந்தது. அதில் ஒரு பிடி பக்கோடா போட்டாலே எண்ணெய் ஆறிவிடும். இரும்புச் சட்டி வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், பில்லில் 'வார்ப்பிரும்பு' என்று எழுதித் தரச்சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.