வீட்டில் அடி வாங்கும் பிள்ளை: ஆசிரியர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

குடியாத்தம், காட்பாடி பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு மூன்று வருடம், பாதிக்கப்பட்ட பிள்ளையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். அந்த இரண்டு நாற்காலியிலிருந்தும் பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

பேரணாம்பட்டு, முதல் வகுப்பு ஆசிரியை: அழுக்குச் சட்டை, தலையில் பேன், காலையில் பசி. எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான். இதில் எதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்வது?

பாதிப் பேர் அப்படி என்றால் அது வறுமை. அதற்காக யார் மேலும் புகார் எழுத வேண்டாம்.

நான் பார்ப்பது வேறு. சொன்ன பிறகு வீட்டில் என்ன நடக்கிறது? ஒரு பிள்ளைக்கு விரல் இடுக்கெல்லாம் சிரங்கு. அம்மாவைக் கூப்பிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து சும்மாவே கொடுப்பார்கள் என்று சொல்கிறீர்கள். ஏழை அம்மா ஒரு வாரம் தாமதமானாலும் போய்விடுவாள். போக முடியவில்லை என்றால், "கூலி போயிடும் டீச்சர்" என்று காரணத்தையாவது சொல்வாள். மூன்று தடவை சொல்லி, மருந்தையும் கையில் கொடுத்த பிறகும் பிள்ளை ரத்தம் வர சொறிந்துகொண்டு வந்தால் நோட்டை எடுங்கள். அதே வீட்டுத் தம்பி எண்ணெய் வைத்துத் தலை வாரி வருகிறான், இவள் மட்டும் இப்படி வருகிறாள் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். வீட்டில் இல்லாமை எல்லாப் பிள்ளைக்கும் சமமாகத்தான் வரும்.

திங்கட்கிழமையையும் பாருங்கள். வார நாட்களில் காலை உணவும் சத்துணவும் இருக்கின்றன. திங்கள் காலையில் உப்புமாவை மூன்றாவது தடவை வாங்கி, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு, சனி ஞாயிறு எப்படிப் போனது என்று அந்தத் தட்டே சொல்லிவிடும். ஒரு திங்கள் போதாது. நாலைந்து திங்களைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

அணைக்கட்டு, உடற்கல்வி ஆசிரியர்: பசங்க என்றால் விழுவான், எழுவான். ஒவ்வொரு காயத்துக்கும் சந்தேகப்பட்டால் பாடம் நடத்த முடியுமா?

முடியாது சார். விழுந்த காயம் எலும்பு துருத்தும் இடத்தில் வரும். முட்டி, முழங்கை, முன்னங்கால், நெற்றி, தாடை. காது, கழுத்து, முதுகு, பிட்டம், தொடையின் பின்பக்கம், புஜத்தின் உள்பக்கம் எல்லாம் விளையாட்டில் சுலபமாக அடிபடுகிற இடங்கள் இல்லை. நீங்கள் கேட்டதால் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

நாலாம் வகுப்பு. ஜூன் மாதம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் சீருடைக்கு உள்ளே முழுக்கை பனியன் போட்டு வந்தான். பெஞ்சில் சாயவே இல்லை, முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தான். வியர்வையில் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது, அதைப் பிரிக்கும்போது முகம் சுளித்தான். "சார்ஜர் வயர் மேல படுத்துட்டேன் மிஸ்" என்றான்.

முதுகில் இரண்டு இடத்தில் கொண்டை ஊசி போலத் தடம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடு, நுனியில் வளைந்து ஒன்று சேர்கிறது. வயரை இரண்டாக மடித்து வீசினால்தான் அப்படி விழும். படுத்தால் அழுந்துமே தவிர, அந்த வளைவு இரண்டு இடத்தில் அச்சாக விழாது. சொல்கிற காரணமும் காயத்தின் வடிவமும் பொருந்தவில்லை என்பதுதான் எனக்கு இருந்த பெரிய ஆதாரம். நிறத்தை வைத்து "இது மூன்று நாள் பழசு" என்றெல்லாம் எழுதாதீர்கள். கன்றிப்போன நிறத்தை வைத்து நாள் கணக்குச் சொல்வது டாக்டருக்கே கஷ்டம்.

காட்பாடி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்: நான் ஹெச்.எம்.மிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். என் கடமை முடிந்தது, மீதி அவர் பொறுப்பு. சரிதானே?

பாதி சரி. எழுதிக் கொடுத்தது நல்லது, நகல் உங்களிடம் இருக்கட்டும். ஆனால் போக்சோ சட்டம் "எந்த ஒரு நபரும்" என்றுதான் சொல்கிறது. தகவல் போய்ச் சேர வேண்டிய இடம் உள்ளூர் காவல் நிலையம் அல்லது சிறப்புச் சிறார் காவல் பிரிவு. ஹெச்.எம். மேஜையில் உங்கள் தாள் தூங்கினால், தெரிந்தும் சொல்லாதவர் பட்டியலில் நீங்களும் வருவீர்கள். அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தலைமை மறைத்தால் ஒரு வருடம் வரை.

நான் சொன்ன அந்த நாலாம் வகுப்புப் பையன் விஷயத்தில் ஹெச்.எம். நல்ல மனுஷர்தான். "முதல்ல அம்மாவைக் கூப்பிட்டு விசாரிப்போம் டீச்சர்" என்றார். அங்கேதான் பலர் சறுக்குவது. பதினொரு மணிக்கு அம்மாவை விசாரித்தால், நாலு மணிக்கு அந்தப் பிள்ளை போய் நிற்கப் போவது அடித்தவன் இருக்கிற அதே வீட்டில்தான். நான் அவர் அறையிலிருந்தே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வேலூர், வழக்கறிஞர்: மேடம், போக்சோ பாலியல் குற்றத்துக்கு மட்டும். அடிக்கும் பட்டினிக்கும் அந்தத் தண்டனைப் பிரிவு பொருந்தாது. இரண்டையும் கலந்து சொல்கிறீர்கள்.

கலந்துவிட்டேன், சரியாகச் சொன்னீர்கள். பாலியல் சந்தேகம் என்றால் 19ஆம் பிரிவு, சொல்லாவிட்டால் 21. இதில் விலக்கு பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான், ஆசிரியருக்குக் கிடையாது. அடியும் பட்டினியும் 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் வரும். 75ஆம் பிரிவில், பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமை செய்தால் மூன்று வருடம் வரை சிறை. ஆனால் அதைப் பார்த்தும் சொல்லாத ஆசிரியருக்கு இந்தச் சட்டத்தில் போக்சோ மாதிரி நேரான தண்டனை இல்லை. தனியாக விடப்பட்ட, தொலைந்துபோன பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் மட்டும் தண்டனை உண்டு. இது சட்டத்தில் இருக்கிற ஓட்டை என்பது என் கருத்து. உங்கள் ஆட்களுக்குள்ளேயே இதில் வாக்குவாதம் உண்டு என்று தெரியும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று போக்சோ 19லேயே இருக்கிறது. நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை.

சத்துவாச்சாரி, ஒரு அப்பா: என் மகள் மாடிப்படியில் விழுந்தாள். டீச்சர் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் "அப்பா அடிச்சாரா?" என்று கேட்டிருக்கிறார். என் மேல் புகார் போகுமா?

நீங்கள் கேட்டது வேறு, ஆனாலும் இங்கே வர வேண்டிய கேள்விதான். விழுந்ததுதான் என்றால் புகாருக்கு இடமில்லை, போய் டீச்சரிடமே பேசுங்கள். தப்பு அவர் கேட்ட விதத்தில் இருக்கிறது. நாலு பேர் முன்னால் கேட்டது ஒன்று. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது இன்னொன்று. "இது எப்படி ஆச்சும்மா?" என்று தனியாகக் கேட்டிருந்தால், "படியில விழுந்தேன் மிஸ்" என்று சொல்லியிருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும்.

இதே தப்பு நிஜமான வழக்கையும் கெடுக்கும். "பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததே டீச்சர்தான்" என்று எதிர்த்தரப்பு நிற்கும். அந்தப் பையனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. கொஞ்ச நேரம் பென்சிலைத் திருகிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான். நோட்டில் அவன் சொன்னபடியே எழுதினேன்: "மாமா வயரை மடிச்சு அடிச்சாரு. அம்மா கதவுகிட்ட நின்னாங்க." 'உறவினரால் தாக்கப்பட்டான்' என்று நம் தமிழில் அழகுபடுத்தவில்லை. மேலே தேதி, மணி, நான் கேட்ட கேள்வி. கீழே முதுகுப் படம் ஒன்றை வரைந்து தடம் இருந்த இடத்தைக் குறித்தேன். போனில் போட்டோ எடுக்கவில்லை. எடுத்தால் அது எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஒடுகத்தூர், விடுதி ஆசிரியை: "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்றாள். சத்தியம் செய்துவிட்டேன்.

இன்றைக்கே அவளிடம் போய், "என்னால தனியா உன்னைப் பாத்துக்க முடியாது, உதவி பண்றவங்க கிட்ட மட்டும் சொல்லப்போறேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபப்படுவாள். படட்டும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். விடுதியில் உள்ள ஆள் மேலேயே புகார் என்றால், அந்த ஆளுக்கு மேலே இருப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று காத்திருக்க வேண்டாம்.

வாணியம்பாடி, ஆசிரியர்: நாங்கள் இப்போதும் வேலூர் குழுவுக்குத்தான் வர வேண்டுமா?

இல்லை. 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு உங்களுக்குத் திருப்பத்தூர்.

குடியாத்தம், இடைநிலை ஆசிரியை: போன் செய்த பிறகு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்களா? அந்தப் பயத்தில்தான் நான் போன வருடம் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பையனுக்காக நான் போன் செய்த அன்று மதியமே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பையனிடம் பேசி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் காயத்தைப் பதிந்தார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழு முன்னால் நிறுத்தினார்கள். ஹோம் என்பது குழு கடைசியாக யோசிப்பது. அம்மாவின் அம்மா பள்ளிகொண்டாவில் இருந்தார். வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, அந்தப் பாட்டியிடம் விட்டார்கள். மாமா மேல் வழக்குப் பதிவானது.

பாலியல் புகார் என்றால் போலீஸ் வரும், ஆனால் வாக்குமூலம் வாங்குகிறவர் சீருடையில் வரக் கூடாது. பிள்ளையின் வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ பேச வேண்டும். கூடியவரை பெண் அதிகாரி. ராத்திரி ஸ்டேஷனில் வைக்கவே கூடாது. நடைமுறையில் இது சில இடத்தில் நடக்கும், சில இடத்தில் நடக்காது. நடக்காவிட்டால் குழுவிடம் சொல்லுங்கள்.

இதில் நான் தோற்றதும் உண்டு. அந்தப் பையனின் அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். "எங்க வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொன்னவ" என்று சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையன் பதினொரு நாள் வரவில்லை. அப்புறம் பாட்டி வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனார். புதுப் பள்ளி வகுப்பு ஆசிரியையிடம் போனில், "இவன் வருகைப் பதிவை மட்டும் கொஞ்சம் பாருங்க, இரண்டு நாள் வரலைன்னா வீட்டுக்கு ஆள் அனுப்புங்க" என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. பிள்ளையின் அடையாளம் வெளியே போகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தேன். ஆனால் காரணம் தெரியாத ஆசிரியை எவ்வளவு கவனிப்பார்? அதை எவ்வளவு சொல்லியிருக்கலாம் என்று குழுவில் உட்கார்ந்தபோதும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நீங்கள் போன வருடம் விட்ட பிள்ளை இன்னும் அதே பள்ளியில் இருந்தால், இப்போதும் போன் செய்யலாம். இதற்குக் காலக்கெடு கிடையாது.