யாரிடம் யாரை அறிமுகப்படுத்துவது?

கேள்வி: அடுத்த வாரம் எங்கள் பெரிய வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து கொள்முதல் மேலாளர் முதல்முறையாக நேரில் வருகிறார். 30 வயதுக்குள் இருக்கும் பெண். அவரை எங்கள் இயக்குநரின் அறைக்கு நான்தான் அழைத்துப் போக வேண்டும். இயக்குநருக்கு 60 தாண்டிவிட்டது. யார் பெயரை முதலில் சொல்வது? உள்ளே போனதும் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது? அவர்கள் கை கொடுத்துக்கொள்வதா, கும்பிடுவதா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

பதில்: உங்கள் இயக்குநருக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள். ஆனால் அறிமுகம் செய்யும்போது வாடிக்கையாளரின் பெயரை முதலில் சொல்லி அழையுங்கள். வணக்கத்துக்கு ஒரு வரிசை, அறிமுகத்துக்கு வேறு வரிசை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பெரும்பாலும் குழப்பம் வருகிறது.

அறிமுகத்திலிருந்து தொடங்குகிறேன். அறிமுகம் என்பது ஒருவருக்கு இன்னொருவரைப் பற்றித் தகவல் சொல்வது. அந்தத் தகவல் யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவருக்கே அந்த இடத்தில் மரியாதை. எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாமல் நிற்கும் சங்கடத்திலிருந்து அவரைத்தான் நாம் முதலில் விடுவிக்கிறோம். ஆகவே மரியாதைக்குரியவர் பக்கம் திரும்பி, அவர் பெயரைச் சொல்லி அழைத்து, மற்றவர் யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். பலர் ‘பெரியவர் பெயர் முதலில்’ என்ற விதியைக் கேட்டுவிட்டு, “இவர்தான் எங்கள் இயக்குநர்” என்று விருந்தினரிடம் ஆரம்பித்து, இயக்குநருக்கு மரியாதை செய்துவிட்டதாக நினைப்பார்கள். உண்மையில் அங்கே மரியாதை விருந்தினருக்குப் போகிறது, ஏனென்றால் தகவலை முதலில் பெற்றவர் அவர். யார் பெயர் வாக்கியத்தில் முதலில் வருகிறது என்பதைவிட, யாரைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறீர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் தவறு வராது.

சரி, இந்த இருவரில் முதலில் யாரைப் பார்ப்பது? குடும்பத்திலும் நண்பர்கள் நடுவிலும் வயதே போதும். பாட்டியிடம் தோழியை அறிமுகப்படுத்தும்போது பாட்டியைத்தான் அழைக்கிறோம். அலுவலகத்துக்குள்ளே இருவரும் நம் ஆட்கள் என்றால் பதவி முடிவு செய்யும். வெளியிலிருந்து ஒருவர் வந்துவிட்டால், அதிலும் அவர் வாடிக்கையாளர் என்றால், நம் நிறுவனத்தின் மிக உயர்ந்த பதவியில் இருப்பவரையும்விட அவருக்கே முதல் இடம். அவர் இளையவர் என்பதோ பதவியில் சிறியவர் என்பதோ இதை மாற்றாது. காரணம் எளியது: அந்த அறையில் உங்கள் இயக்குநர் தன் இடத்தில் இருக்கிறார், வந்தவர் பிறர் இடத்தில் நிற்கிறார். பழைய ஐரோப்பிய நாகரிக முறையில் பெண்ணுக்கு எப்போதும் முதலிடம் என்று ஒரு விதி இருந்தது. இன்றைய அலுவலகத்தில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அவர் பெண் என்பதற்காக அல்ல, விருந்தினர் என்பதற்காகத்தான் முதலில் அழைக்கிறீர்கள்.

இப்போது அந்த அறைக்குப் போவோம். இயக்குநர் பெயர் ராமநாதன், வருபவர் பெயர் நிலா என்று வைத்துக்கொள்வோம். நிலாவை வரவேற்பறையில் பார்த்ததும் வணக்கம் சொல்லி, உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டிருப்பீர்கள். அப்போதே இரண்டு விஷயங்களை முடித்துவிடுங்கள். ஒன்று, அவர் தன் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். மின்னஞ்சலில் இருப்பதும் வாயால் சொல்வதும் சில நேரம் வேறாக இருக்கும். இன்னொன்று, யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதை நடந்து போகும்போதே சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்தால் அறைக்குள் அவருக்குத் திடீர் என்று எதுவும் இருக்காது.

கதவைத் தட்டி, நீங்கள் அரை அடி முன்னால் உள்ளே போங்கள். விருந்தினரை முதலில் உள்ளே விடுவது பணிவு என்று தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால், யார் என்று தெரியாத ஒருவரை இயக்குநர் நிமிர்ந்து பார்க்க, அறிமுகம் செய்ய வேண்டிய நீங்கள் இன்னும் கதவுக்குப் பின்னால் இருப்பீர்கள். முன்னால் போய் “வணக்கம் சார்” என்று சொல்லுங்கள். இது அவருடைய அறைக்குள் நுழைவதற்கான வணக்கம். அதனால்தான் இது அவருக்கு முதலில் போகிறது. இரண்டே சொல்லில் முடியட்டும். காலையில் நடந்த கூட்டத்தைப் பற்றி அங்கே ஒரு வரி பேசினாலும் விருந்தினர் வெளியே நிற்பவர் ஆகிவிடுவார். நிலாவுக்கு மறுபடி வணக்கம் சொல்ல வேண்டாம், கீழேயே சொல்லியாகிவிட்டது.

அடுத்து ஒதுங்கி நில்லுங்கள். இருவருக்கும் நடுவில் நிற்காமல், மூன்று பேரும் ஒரு முக்கோணமாக வரும்படி பக்கவாட்டில் நின்றால் அவர்கள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கலாம். நிலா பக்கம் திரும்பி இப்படிச் சொல்லலாம்: “நிலா மேடம், இவர் எங்கள் இயக்குநர் ராமநாதன். உங்கள் ஆர்டருக்கான வடிவமைப்பை ஆரம்பத்திலிருந்து இவர்தான் நேரடியாகப் பார்த்துவருகிறார்.” உடனே இயக்குநர் பக்கம் திரும்பி: “சார், நிலா மேடம் அவர்கள் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர். நாம் அனுப்பிய மாதிரிகளைச் சோதித்துக் குறிப்பு எழுதியது இவர்தான்.” இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இயக்குநருக்கு வருபவரைப் பற்றி ஏற்கெனவே தெரியும், பின் எதற்கு என்று நினைக்கிறார்கள். அவருக்குத் தெரிந்திருந்தாலும் நிலாவின் காதுபட அது சொல்லப்பட வேண்டும். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் மற்றவர் தன்னைத் தானே விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெயருக்கும் பதவிக்கும் பிறகு வரும் அந்த ஒரு வரியை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இருவருக்கும் பொதுவான வேலையைத் தொட வேண்டும், எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு பேச முடிய வேண்டும். “எங்கள் சார் மாதிரி அறிவாளி கிடையாது” என்பதுபோன்ற புகழ்ச்சிக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இருவரும் சிரித்துவிட்டு மௌனமாகிவிடுவார்கள். மாதிரிகளைச் சோதித்தவர் என்று சொன்னால் இயக்குநர் “அந்தக் குறிப்பைப் படித்தேன்” என்று தொடங்க வழி இருக்கிறது. வயது, திருமணம், சொந்த ஊர் எதுவும் அந்த வரியில் வேண்டாம்.

இருவரையும் ஒரே அளவில் அழைப்பதும் முக்கியம், இதில்தான் தெரியாமலே புண்படுத்திவிடுகிறோம். ஒருவரை ‘சார்’ என்றும் இன்னொருவரை வெறும் பெயராலும் சொன்னால், மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் தட்டு சாய்ந்துவிடும். மேலே உள்ள வாக்கியத்தில் நிலாவுக்கு மேடம் சேர்த்து, விருந்தினரிடம் சொல்லும்போது இயக்குநரின் பெயரோடு சார் சேர்க்காமல் விட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் ஆளைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது பதவியும் ‘இவர்’ என்ற சொல்லுமே போதுமான மரியாதை. உங்கள் அலுவலகத்தில் அப்படிச் சொல்வது கூச்சமாக இருந்தால் “ராமநாதன் சார்” என்றே சொல்லுங்கள், ஆனால் நிலா மேடத்தை வெறும் நிலா ஆக்கிவிடாதீர்கள். நிலா தன்னோடு ஓர் உதவியாளரை அழைத்து வந்தால் அவரையும் பெயர் சொல்லி, ‘இவர்’ என்றே அறிமுகப்படுத்துங்கள். “கூட வந்திருக்கும் பையன்” என்று சொல்லிவிட்டால் அதைத் திருத்த முடியாது.

கை கொடுப்பதா, கும்பிடுவதா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. இயக்குநர் எழுந்து நின்று வரவேற்பது அவர் வேலை; தன் இடத்துக்கு வந்தவரை வரவேற்பவர் என்பதால் முதல் சைகை அவரிடமிருந்து வருவது இயல்பு. முன்பின் தெரியாத பெண்ணிடம் ஆண் கையை நீட்டாமல் காத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் கும்பிட்டு வணக்கம் சொன்னால் அதில் குறை ஒன்றும் இல்லை. வந்த சைகைக்கு அதே சைகையால் பதில் சொல்வதுதான் இங்கே நல்ல வழி. ஒருவர் கையை நீட்ட மற்றவர் கும்பிட்டால், நீட்டியவர் உடனே கும்பிட்டுவிட்டால் போதும், ஒரு நொடியில் சரியாகிவிடும். இருவரில் ஒருவர் யாருக்கும் கை கொடுப்பதில்லை என்று உங்களுக்கு முன்பே தெரிந்தால், மற்றவரிடம் தனியாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சங்கடத்தைத் தடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. அந்த நேரத்தில் உங்கள் கையை நடுவில் நீட்டாதீர்கள், உங்கள் வணக்கம் முடிந்துவிட்டது.

இடம் மாறினால் வணக்கத்தின் வரிசையும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். நீங்களும் இயக்குநரும் வாசலில் காத்திருக்க, நிலா வண்டியிலிருந்து இறங்குகிறார் என்றால் அவருக்குத்தான் முதல் வணக்கம். இயக்குநரை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அறிமுகம் மட்டும் அங்கேயும் அதே வரிசையில் நடக்கும்.

தவறு நடந்தால்? பதற்றத்தில் “சார், இவர் நிலா மேடம்” என்று இயக்குநரைப் பார்த்து ஆரம்பித்துவிட்டால், நிறுத்தி மாற்ற வேண்டாம். வாக்கியத்தை முடித்து, நிலா பக்கம் திரும்பி இயக்குநரைப் பற்றி முழுமையாகச் சொல்லுங்கள். வரிசை தவறியதை யாரும் பெரும்பாலும் கவனிக்க மாட்டார்கள், மன்னிப்புக் கேட்டால் கட்டாயம் கவனிப்பார்கள். பெயர் மறந்துபோவது வேறு கதை. அதற்கு, “மன்னிக்க வேண்டும், உங்கள் பெயர் சட்டென்று வரவில்லை” என்று அவரிடமே கேட்பது, தவறான பெயரைச் சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

அறிமுகம் சரியாக அமைந்ததா என்பதை அவர்கள் கண்களே சொல்லிவிடும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தால் நீங்கள் உட்காரலாம் அல்லது விடைபெறலாம். இருவரும் இன்னும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி பிடிபடவில்லை என்று அர்த்தம். அப்போது இன்னொன்று எடுத்துக்கொடுங்கள்: “சார், மூன்றாவது மாதிரியைப் பற்றி மேடத்துக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.” அதற்குப் பிறகு பேச்சை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.