பெயரைக் கூப்பிட்டதும் வயிறு ஏன் கீழே இறங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 27. நேர்முகத் தேர்வில் என் பெயரைக் கூப்பிட்டதும், ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது வருவதுபோல வயிறு சட்டென்று கீழே இறங்குகிறது. பிறகு கொஞ்ச நேரம் படபடவென்று இருக்கும். கழிப்பறைக்கு ஓட வேண்டும்போல் தோன்றும். திருமணம் நிச்சயமான அன்றும் இதேதான் வந்தது, அன்று பயமே இல்லை. ஆறு மாதமாகக் காலையில் கேஸ் மாத்திரை போட்டும் நிற்கவில்லை. வயிற்றில் ஏதாவது நோயா? அடுத்த வாரம் காலை 11 மணிக்கு இன்னொரு தேர்வு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் இரைப்பை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனாலும் பெயரைக் கேட்ட சில நொடிகளுக்குள் அதன் இரத்த ஓட்டமும் அசைவும் உண்மையிலேயே மாறிவிடுகின்றன. நீங்கள் உணர்வது அந்த மாற்றத்தைத்தான். ஆகவே இதைக் கற்பனை என்று யாராவது ஒதுக்கினால் அது தவறு. அதேபோல, இப்படிப்பட்ட முக்கியமான தருணங்களில் மட்டும் வந்து, சற்று நேரத்தில் தானாகவே அடங்கிவிடுகிற ஒன்றை இரைப்பை நோய் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த மாற்றத்தை மருத்துவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். 1895-இல், 9 வயதில், கொதிக்கும் சூப்பை விழுங்கிய ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு உணவுக்குழாய் வெந்து அடைத்துப்போயிற்று. அவன் உயிர்வாழ்வதற்காக வயிற்றுச் சுவரில் துளையிட்டு அதை இரைப்பையோடு இணைத்தார்கள். மருத்துவ நூல்களில் 'டாம்' என்று மட்டும் குறிக்கப்படும் அவர், 1940-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஸ்டூவர்ட் உல்ஃப், ஹெரால்டு உல்ஃப் என்ற இரு மருத்துவர்களின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். தம் துளை வழியாக இரைப்பையின் உட்சுவரை அவர்கள் பார்க்கவும் இசைந்தார். ஒருநாள் காலை அவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தபோது, வேறொரு மருத்துவர் கோபமாக உள்ளே நுழைந்து, காணாமல்போன குறிப்புத் தாள்களை இழுப்பறைகளில் தேடத் தொடங்கினார். அந்தத் தாள்களை முந்தைய நாள் இடம்மாற்றி வைத்தவர் டாம்தான். வேலை போய்விடுமோ என்று அவர் அசையாமல் பேச்சற்று இருந்தார். அவருடைய முகம் வெளுத்தது. அதே நேரத்தில் இளஞ்சிவப்பாக இருந்த இரைப்பையின் உட்சுவரும் வெளுத்தது. தாள்கள் கிடைத்து அந்த மருத்துவர் வெளியேறும்வரை, ஏறக்குறைய ஐந்து நிமிடம், அந்த வெளுப்பு நீடித்தது. பயத்தில் முகம் வெளிறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரைப்பைக்கும் அதேதான் நேர்கிறது என்பது அன்று தெரிந்தது.

வெளுப்பதன் காரணம் எளிது. ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் கால் பங்கு இரைப்பை, குடல், ஈரல் ஆகியவற்றுக்குப் போகிறது. ஆபத்து என்று மூளை முடிவுசெய்த உடனே, அவ்வளவு இரத்தத்தைச் செரிமானத்துக்குச் செலவிட உடல் விரும்புவதில்லை. மூளையின் அமிக்டலா என்ற பகுதி எழுப்பும் எச்சரிக்கை, ஹைப்போதலாமஸ் என்ற மற்றொரு மூளைப் பகுதி வழியாகத் தண்டுவடத்தில் இறங்கி, பரிவு நரம்புகள் எனப்படும் நரம்புக் கற்றைகள் மூலம் வயிற்றை அடைகிறது. அந்த நரம்பு முனைகள் வயிற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. இரைப்பையின் தசை தளர்ந்து, குடலுக்குத் திறக்கும் அதன் வாய் இறுகுகிறது. நரம்புச் செய்தி இத்தனை தூரமும் ஒரு நொடிக்குள் வந்துவிடுவதால்தான், 'பயப்படுகிறேன்' என்று நீங்கள் நினைப்பதற்கு முன்பே வயிறு 'பகீர்' என்கிறது. கீழே இறங்குவதாகத் தெரிவது இந்த முதல் கட்டம்.

படபடப்பு இரண்டாவது கட்டம். அதே பரிவு நரம்புகளின் ஒரு கிளை, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குப் போய், அட்ரீனலினை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. இரத்தம் உடலைச் சுற்றிவர வேண்டும் என்பதால் இது சில நொடிகள் தாமதமாக வேலையைத் தொடங்குகிறது. தொடங்கிய பிறகு உடனே நிற்காது. கலந்த அட்ரீனலின் பாதியாகக் குறையவே இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். அதுவரை இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கும்; கை நடுங்கும்; இரைப்பையின் வழக்கமான தாளமும் குலையும். அமைதியான நேரத்தில் இரைப்பையில் நிமிடத்துக்கு மூன்று மின் அலைகள் என்ற சீரான லயம் உண்டு. பதற்றத்திலும் குமட்டலிலும் அந்த லயம் தடுமாறுகிறது. 1890-களின் இறுதியில் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் பூனைகளுக்கு, எக்ஸ்ரேயில் தெரியும் பிஸ்மத் கலந்த உணவு கொடுத்துப் பார்த்தபோது, பூனை கலவரமடைந்ததும் இரைப்பையின் அசைவு நின்றுபோவதையும், தடவி அமைதிப்படுத்தியதும் மீண்டும் தொடங்குவதையும் கண்டார். கூப்பிட்ட பெயர் உங்களுடையது அல்ல என்று தெரிந்த பிறகும் சற்று நேரம் படபடப்பு தொடர்வதற்கு, இரத்தத்தில் ஏற்கெனவே கலந்துவிட்ட அந்த அட்ரீனலின்தான் காரணம்.

கழிப்பறைக்கு ஓடத் தோன்றுவது பலருக்குப் புதிராக இருக்கிறது: இரைப்பை நின்றுபோகிறது என்றால் குடலும் நிற்க வேண்டாமா? மேற்பகுதி நிற்கும்போது கடைசிப் பகுதியான பெருங்குடல் வேகமெடுக்கிறது என்பதே விடை. மன அழுத்தத்தின்போது ஹைப்போதலாமஸ் வெளியிடும் ஒரு வேதிப்பொருள், பெருங்குடலுக்குச் செல்லும் வேறு நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. 'வயிறு கலங்குகிறது', 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். ஆங்கிலத்திலிருந்து வந்த 'வயிற்றில் பட்டாம்பூச்சி' என்ற வழக்கைவிடப் புளிக் கரைசல் உடலியலுக்கு நெருக்கமான உவமை என்பது என் எண்ணம்.

நிச்சயதார்த்தத்தன்று பயமில்லாமலே இது வந்ததில் முரண் இல்லை. 'இது முக்கியம், தயாராகு' என்பதே உடலுக்குப் போகும் கட்டளை. நல்லதா கெட்டதா என்ற பாகுபாடு அதில் பெரிதாக இல்லை. வயிற்றில் நடப்பதை மூளைக்குத் தெரிவிப்பது பெரும்பாலும் வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு, வயிற்றிலிருந்தும் மார்பிலிருந்தும் மேலே செய்தி கொண்டுசெல்பவை. அச்செய்தியை மூளையின் இன்சுலா என்ற பகுதி பெற்று, சூழ்நிலையோடு சேர்த்துப் பார்த்து, மகிழ்ச்சி என்றோ அச்சம் என்றோ பொருள்கொள்கிறது.

ராட்டினம் மட்டும் சற்று வேறு. வேகமாக இறங்கும்போது உடலுறுப்புகளின் எடை ஒரு கணம் குறைந்துவிடுவதால், அவற்றைத் தாங்கிப்பிடித்திருக்கும் சவ்வுகளின் இழுவிசை தளர்கிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பும் வீழ்ச்சியை அறிவிக்கிறது. அங்கே உறுப்புகள் உண்மையிலேயே சிறிது இடம் பெயர்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வீழ்ச்சி கிடையாது.

இனி அடுத்த வாரத்துக்கு வருவோம். முதல் கட்டத்தை நீங்கள் தடுக்க முடியாது. அது எண்ணத்தைவிட வேகமானது. இரண்டாவது கட்டத்தையும் பெருங்குடலையும் ஓரளவு கட்டுப்படுத்தலாம். கெட்டியான உணவில் பாதி இரைப்பையைவிட்டு வெளியேறவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். பதற்றம் அதை இன்னும் தாமதப்படுத்தும். 9 மணிக்குப் பூரி சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு உட்கார்ந்தால், நின்றுபோன இரைப்பைக்குள் பாதிப் பூரி கிடக்கும். குமட்டல் வருவது இயல்பே. 8 மணிக்குள் இரண்டு இட்லி போதும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் இயற்கையாகவே அசையும் என்பதால், அந்த நேரத்தில் வீட்டிலேயே கழிப்பறைக்குச் சென்றுவிட்டால் பாதிக் கவலை தீரும். காபி அன்று வேண்டாம்: காஃபீன் அட்ரீனலினை உயர்த்துகிறது, மேலும் சிலருக்குக் காபி குடித்த சில நிமிடங்களிலேயே பெருங்குடல் இயங்கத் தொடங்கிவிடும்.

10.45 மணிக்கு, கூப்பிடுவதற்கு முன்பே, நான்கு நொடி மூச்சை இழுத்து ஆறு நொடி வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். பலர் செய்யும் பிழை, வேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்குவது. அது இரத்தத்தின் கரியமில வாயுவைக் குறைத்துத் தலைச்சுற்றலையும் விரல் மரத்துப்போவதையும் கொண்டுவரும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். நண்பர்கள் சொல்லி ப்ராப்ரனோலால் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அது இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கிவிடும்.

இதே உணர்வை வேறு சிலவும் போலியாகத் தோற்றுவிக்கும். எந்தக் காரணமும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்ததுபோல், வயிற்றிலிருந்து ஏதோ தொண்டை நோக்கி எழும்பி ஒன்றிரண்டு நிமிடத்தில் மறைந்து, அப்போது நீங்கள் வெறித்துப் பார்த்ததாக அருகிலிருப்பவர் சொன்னால், அது மூளையின் பக்கமடலில் தொடங்கும் வலிப்பாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது ஓங்கி அடிப்பதுபோல் நெஞ்சில் தெரிந்தால், ஈசிஜி எடுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவருக்கு வியர்வையோடு இது வந்தால், முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவு. 70-க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். மேல்வயிற்றில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, மூச்சுவாங்கல் மூன்றும் சேர்ந்து வந்தால், வயதைப் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, கறுத்த மலம், எடை குறைதல் ஆகியவை இந்த உணர்வுக்குத் தொடர்பில்லாத வேறு கணக்கு. அவற்றுக்கு எண்டோஸ்கோபி தேவைப்படலாம்.

உங்கள் மாத்திரையைப் பற்றி: அது அமிலத்தைக் குறைக்கும் வகையாக இருந்தால், இந்த உணர்வுக்கு அதனால் பயனில்லை, டாம் பயந்தபோது அவருடைய இரைப்பையில் அமிலம் கூடவில்லை, குறைந்தது. ஆனால் ஆறு மாதம் போட்ட மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அடக்கி வைத்திருந்த அமிலச் சுரப்பு சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட மேலெழும், நெஞ்செரிச்சல் வரும், 'மாத்திரை இல்லாமல் முடியாது' என்று நீங்களே தவறாக முடிவுகட்டிவிடுவீர்கள். தேர்வு முடியட்டும், அதன்பின் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டு, அளவைப் படிப்படியாகக் குறையுங்கள்.