ஹார்ட் கோட்டுக்கும் தண்ணி ஒட்டாத கோட்டிங்குக்கும் கூடக் குடுக்கிற காசு தகுமோ?

கேள்வி: புதுக் கண்ணாடி போட ரவுணுக்க ஒரு கடைக்குப் போனன். ஹார்ட் கோட், தண்ணி ஒட்டாத கோட்டிங் எண்டு சொல்லிச் சொல்லி விலையை ஏத்தினம். உதுகள் உண்மையில என்ன செய்யுது? கூடக் குடுக்கிற காசு தகுமோ?

பதில்:

ஹார்ட் கோட்டுக்கென்று தனியாகப் பெரிய காசு கேட்டால் குடுக்க வேண்டாம். தண்ணி ஒட்டாத கோட்டிங்குக்கு, நீங்கள் வெளிச்சம் தெறிக்காத லென்ஸ் எடுக்கிறதாக இருந்தால், குடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் இருக்கிறவருக்கு அது தேவையான செலவு என்றுதான் சொல்லுவேன். லென்ஸ் வெட்டி பிறேமில் பூட்டுகிற வேலை செய்கிறவன் நான், கண்ணாடிகள் என்ன கோலத்தில் திரும்பி வருகுது என்று பார்த்துத்தான் எழுதுகிறேன்.

லென்ஸ் வருகிற கடதாசி உறையில் எச்.சி, எச்எம்சி, எஸ்எச்எம்சி என்று மூன்று வகை எழுதியிருக்கும். எச்.சி என்றால் வெறும் ஹார்ட் கோட். எச்எம்சி என்றால் அதற்கு மேலே வெளிச்சம் தெறிக்காத படைகள். எஸ்எச்எம்சி என்றால் அதற்கும் மேலே தண்ணியும் எண்ணெயும் ஒட்டாத கடைசிப் படை. ஆக, கடையில் தனித்தனியாக விலை சொன்னாலும் இவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறவை. பாரம் குறைந்த 1.56 லென்ஸ், பொலிகாபனேற் லென்ஸ் எல்லாம் பெரும்பாலும் ஃபக்ரறியிலேயே ஹார்ட் கோட் போட்டுத்தான் வருகிறது. பொலிகாபனேற் இலேசில் உடையாது, ஆனால் அதன் மேற்பரப்பு மென்மை, ஹார்ட் கோட் இல்லாமல் அதை விற்கவே ஏலாது. பழைய சிஆர்-39 பிளாஸ்ரிக்கில்தான் கோட் இல்லாத லென்ஸ் இன்னும் கூடுதலாகக் கிடைக்கிறது. அங்கே வித்தியாசம் சின்னத் தொகைதான், அதைக் குடுத்துவிடுங்கோ.

ஹார்ட் கோட் என்பது சிலிக்கோன் சேர்ந்த ஒரு வார்னிஷ். லென்ஸை அதில் தோய்த்து எடுத்து, சூட்டில் இறுக வைப்பார்கள். தடிப்பு 2 முதல் 5 மைக்கிறோமீற்றர் வரை, தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. துணியில் இருக்கிற தூசி, சேர்ட் நுனி, மேசையில் மெல்ல உரசுவது போன்ற சின்னத் தேய்மானத்தை அது நன்றாகவே தாங்கும். மணலைத் தாங்காது. கடல் மணலிலும் றோட்டுப் புழுதியிலும் இருக்கிற குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரண கண்ணாடியே 5.5 அளவில்தான் நிற்கிறது, இந்த வார்னிஷ் அதிலும் மென்மை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கோயில் வீதியில் மணல் பரப்பியிருப்பார்கள். அந்தப் புழுதி படிந்த லென்ஸை அப்படியே சாறத்தால் துடைத்தால் எந்த ஹார்ட் கோட்டும் காப்பாற்றாது.

திருநீறும் அப்படித்தான். சாணத்தைச் சுட்டு எடுக்கிற சாம்பலில் சிலிக்கா நிறைய இருக்கிறது. காலையில் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, மூக்கடியில் கொட்டுண்டதை விரலால் தேய்த்து விடுகிற ஆட்களின் லென்ஸை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால், உள்பக்கத்து மேல் விளிம்பில் வளைவு வளைவாக மெல்லிய கோடுகள் தெரியும். வேறு ஆட்களுக்குக் கீறல் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான்.

"விலை கூடின லென்ஸ்தான் கெதியாக் கீறுது" என்று சனம் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் தெறிக்காத லென்ஸில் பின்னணி முழுக்க இருண்டு தெளிவாக இருப்பதால், கீறல் விழுந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதே கீறல் சாதா லென்ஸிலும் இருக்கும், கண்ணில் படாது.

இனித் தண்ணி ஒட்டாத படை. கோட் இல்லாத 1.56 லென்ஸ் ஒவ்வொரு பக்கத்திலும் 5 சதவீதமளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரவில் எதிரே வாகனம் வரும்போது தெரிகிற பொய் வெளிச்சம் அதுதான். அதைக் குறைக்க வெற்றிட இயந்திரத்தில் ஒட்சைட்டுகளை மாறி மாறிப் படிய வைப்பார்கள், ஆக மேலே வருவது சிலிக்கா. சிக்கல் அதில்தான் தொடங்குகிறது. சுத்தமான சிலிக்காவுக்குத் தண்ணியையும் எண்ணெயையும் நல்லாப் பிடிக்கும். தலையில் தேங்காய் எண்ணெய், முகத்தில் வியர்வை, விரல் அடையாளம் எல்லாம் அதில் அப்பிக்கொள்ளும், துடைக்கத் துடைக்கப் பரவும். தெறிப்பு இல்லாததால் அந்த அழுக்கு இன்னும் கூடத் தெரியும். ஆள் சினந்துபோய் பலமாகத் தேய்ப்பார், கீறல் விழும். அதனால்தான் மேலே புளோரின் சேர்ந்த ஒரு படையைப் போடுகிறார்கள், சுமார் 10 நனோமீற்றர் தடிப்பில், ஹார்ட் கோட்டை விட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியதாக. அதன் மேல் விழுகிற தண்ணித்துளி பரவாமல் திரண்டு நிற்கும், சாய்த்தால் உருண்டு ஓடும். வழுக்கலாக இருப்பதால் தூசியும் துணியோடு சறுக்கிப் போகும். அந்த அளவுக்குக் கீறலையும் குறைக்கிறது.

எங்கட ஊரில் இது கூடப் பிரயோசனப்படுவதற்குக் காரணம் கிணத்துத் தண்ணி. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி, கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறது எல்லாருக்கும் தெரியும். முகம் கழுவும்போது தெறித்த துளி லென்ஸில் காய்ந்தால் அதே வெள்ளை வட்டம். தண்ணி ஒட்டாத படையில் பெரும்பாலான துளிகள் காய முதலே விழுந்துவிடும். விழாமல் நின்ற துளி அங்கேயும் வட்டம் விடும், ஆனால் ஈரத்தோடு துடைத்தால் போகும். மற்ற லென்ஸில் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

செய்யாததையும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து ஏசி பஸ்ஸில் வந்து விடியப்புறம் இறங்கினால் கண்ணாடி புகார் மூடுகிறதே, அதை இது நிறுத்தாது. குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று ஒடுங்கி, உருண்டைத் துளிகளாக இன்னும் வெள்ளையாகத் தெரியும். புகார் பிடிக்காத கோட்டிங் இதற்கு நேர் எதிரான வேலை, அது தண்ணியைப் பரவ விடுகிறது. இரண்டையும் ஒன்று போல விற்கிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கோ.

கையில் வருகிற கேஸ் ஒன்றைச் சொன்னால் விளங்கும். வடமராட்சிப் பக்கமிருந்து வருகிற ஒரு மாஸ்ரர், ரிட்டயர் ஆனவர், எந்த இடத்துக்கும் ஸ்கூட்டரில்தான் போவார். இரண்டு வருசப் பழைய எச்எம்சி லென்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, கீறாத லென்ஸ் எண்டுதானே தந்தனீங்கள்? இதப் பாரும்."

விளக்குக்கு நேரே பிடித்தேன். நடுவில் துடைத்த திசையில் கொஞ்சம் கோடுகள், அது கீறல். மற்றது இரண்டு லென்ஸிலும் வலை விரித்த மாதிரி எல்லாத் திசையிலும் ஓடுகிற மெல்லிய வெடிப்பு. நகத்தை ஓட்டினால் எங்கேயும் தட்டவில்லை.

"மாஸ்ரர், கழற்றினால் கண்ணாடியை எங்க வைக்கிறனீங்கள்?"

"ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழ பெட்டி இருக்குத்தானே, அதுக்க."

வெயிலில் நிற்கிற ஸ்கூட்டரின் பெட்டி. பிளாஸ்ரிக் லென்ஸ் சூட்டில் விரிகிற அளவுக்கு மேலேயிருக்கிற ஒட்சைட் படைகள் விரியாது. இழுபட்டு வெடிக்கும். கார் டாஷ்போட்டிலும் இதேதான். ஹார்ட் கோட்டுக்கோ தண்ணி ஒட்டாத படைக்கோ இதில் செய்ய ஒன்றுமில்லை. எவ்வளவு காசு குடுத்த கோட்டிங்கும் போகும்.

அவருக்கு 1.56 எஸ்எச்எம்சி போடச் சொன்னேன். கணக்கு இப்படி. விலை கடைக்குக் கடை வேறு, இலகுவுக்காக எச்எம்சி 6,500 ரூபா, எஸ்எச்எம்சி 9,000 ரூபா என்று வைப்பம். வித்தியாசம் 2,500. இரண்டு வருசம் போட்டால் மாதம் நூறு ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே. நான் பார்த்த மட்டில் அந்த வழுக்கல் ஒன்றரை, இரண்டு வருசத்தில் தேய்ந்து போகிறது, அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது எச்எம்சிதான். அதனால் வித்தியாசம் லென்ஸ் விலையில் பாதி வரை என்றால் எடுக்கலாம், இரண்டு மடங்கு கேட்டால் நான் எடுக்கமாட்டேன். வருசா வருசம் பவர் மாறுகிற பிள்ளைக்கு ஹார்ட் கோட் உள்ள பொலிகாபனேற் போதும். வாசிக்க மட்டும் வீட்டுக்குள் போடுகிற கண்ணாடிக்கும் எஸ்எச்எம்சி வேண்டாம்.

குடுத்த காசுக்குச் சரக்கு வந்ததா என்று கடையிலேயே பார்க்கலாம். ரியூப் லைட்டின் நிழல் லென்ஸில் வெள்ளையாகத் தெரிந்தால் வெளிச்சம் தெறிக்காத கோட்டிங் இல்லை, பச்சையாகவோ நீலமாகவோ மங்கித் தெரிந்தால் இருக்கிறது. பிறகு ஒரு சொட்டுத் தண்ணி விட்டுச் சாய்த்துப் பாருங்கோ, இரண்டு பக்கத்திலும். திரண்டு ஓடினால் எஸ்எச்எம்சி, பரவி நின்றால் இல்லை. மார்க்கரால் கீறிக் காட்டுகிறதும் இதே சோதனைதான். ஆனால் அவர்கள் காட்டுவது தங்கட சாம்பிள் லென்ஸில், நீங்கள் உங்கட லென்ஸில் பாருங்கோ.

சிலிண்டர் பவர், அதாவது குறித்த ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிற பவர், உள்ளவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த வழுக்கல், வெட்டுகிற மெசினுக்கும் வழுக்கல்தான். லென்ஸைப் பிடிக்கிற ஒட்டுப்பட்டை சறுக்கி, வெட்டும்போது லென்ஸ் கொஞ்சம் திரும்பிவிடும். சறுக்காத பட்டை தனியாக இருக்கிறது, எல்லாக் கடையிலும் அதைப் போடுவதில்லை. மாஸ்ரருக்கு சிலிண்டர் 2.00. அந்தத் திசையைக் குறிக்கிற அச்சு 5 பாகை திரும்பினாலே 0.35 அளவு சிலிண்டர் பிழையாகக் கண்ணுக்கு வரும். எழுத்துக்கு நிழல் விழுகிறது, தலை இடிக்கிறது என்று வருகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான். கண்ணாடியை வாங்க முதல் லென்ஸ்மீற்றரில் வைத்து, பிறிஸ்கிறிப்சனில் எழுதியிருக்கிற அச்சோடு ஒத்துப் பார்த்துத் தரச் சொல்லுங்கோ. ஒரு நிமிச வேலை.