'கேன் யூ ப்ளீஸ் டு செண்ட்'னு தம்பி எழுதறத எப்படி சரி பண்றது

அக்கா, கொழிஞ்சாம்பாறைல தமிழ் மீடியம் படிச்சவனுக்கு கஞ்சிக்கோடு கம்பெனில யாரு வேல குடுப்பாங்கனு கேட்டிருந்தீங்க, தம்பி அனுப்பின மெயில பாத்தேன், அவனுக்கு இங்கிலீஷ் வராமலெல்லாம் இல்லீங்க. மூணு கேள்வி கேட்டிருக்கான், மூணுலயும் இடறினது ஒரே இடம்.

மொத கேள்வி, 'கேன் யூ ப்ளீஸ் டு செண்ட் த ஃபைல்'. 'அனுப்ப முடியுமா'னு தமிழ்ல யோசிக்கறான், 'அனுப்ப'ன்னா 'டு செண்ட்'னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிருக்கான், அதனால அந்த 'டு' கூடவே ஒட்டிகிட்டு வந்துருது. கேன், குட், வில், வுட், ஷுட் இதுங்க வந்தா அடுத்து வர்ற வினைச்சொல் மொட்டையாத்தான் நிக்கணும். நடுவுல 'யூ ப்ளீஸ்' பூந்துக்கறதாலதான் தப்பு கண்ணுல படறதில்ல, ப்ளீஸ எடுத்துட்டு 'கேன் யூ டு செண்ட்'னு வாய்விட்டு படிக்க சொல்லுங்க, அவனுக்கே உதைக்கும். சரியானது 'குட் யூ ப்ளீஸ் செண்ட் த ஃபைல்?', கேன்னு போட்டாலும் தப்பில்ல, ஹெச்.ஆருக்கு எழுதறப்ப குட் கொஞ்சம் மரியாதையா இருக்கும்.

ரெண்டாவது 'டிட் யூ ரிசீவ்ட் மை சர்டிபிகேட்', மூணாவது 'டஸ் த கம்பெனி ப்ரொவைட்ஸ் பஸ்'. நடந்து முடிஞ்சதுங்கறத டிட்டே சொல்லிருது, அப்புறம் ரிசீவ்ட்ல ஒரு 'ட்' எதுக்கு, ரிசீவ் போதும். அதே மாதிரி டஸ்ல 'ஸ்' இருக்கு, ப்ரொவைட்ஸ்ல இன்னொண்ணு வேண்டாம். மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி கேள்வில கேன், குட், டிட், டஸ் மாதிரி முன்னாடி நிக்கற சொல்ல தேடி கோடு போட்டு, அதுக்கப்புறம் வர்ற மொத வினைச்சொல்ல மட்டும் பாத்து, முன்னாடி 'டு'வோ பின்னாடி வாலோ இருந்தா வெட்ட சொல்லுங்க.

மொத வினைச்சொல் மட்டும்னு அழுத்தி சொல்றேன், ஏன்னா இத கத்துக்கிட்ட பசங்க அடுத்த வாரமே எல்லா 'டு'வையும் வெட்டிட்டு 'ஐ வாண்ட் நோ', 'ஆர் யூ ஏபிள் செண்ட்'னு எழுதிட்டு வருவாங்க (இது முன்னதவிட மோசம்). வாண்ட், நீட், ஏபிள் இதுக்கெல்லாம் பின்னாடி இன்னொரு வினைச்சொல் வந்தா அதுக்கு முன்னாடி 'டு' கண்டிப்பா வேணும். 'டூ யூ வாண்ட் மீ டு செண்ட் த மார்க்‌ஷீட்?'ங்கறத பாருங்க, டூவுக்கு அப்புறம் வாண்ட் மொட்டையா நிக்குது, வாண்டுக்கு அப்புறம் செண்டுக்கு 'டு' வருது, ரெண்டும் ஒரே கேள்விலதான். இந்த ஒரு கேள்விய புரிஞ்சுகிட்டான்னா 'டு' எங்க வேணும் எங்க வேண்டாம்னு அவனே பிரிச்சுருவான்.

கிராமர் புக்கெல்லாம் இப்ப வாங்காதீங்க. அவனோட பழைய மெயில்கள எடுத்து கேள்விங்கள மட்டும் தனியா எழுதி திருத்தட்டும், திருத்தினத எனக்கு வாட்ஸ்அப்ல போடச் சொல்லுங்க, பாத்துட்டு அந்த ஹெச்.ஆருக்கு என்ன பதில் போடலாம்னு பேசுவோம்.